எழுத்து உதிர் புதிர்: ஒன்று போனால் இன்னொன்று

இந்த வாரம் புதிர்ப் பக்கம் முழுவதும் ஒரே விளையாட்டுதான். ஒரு சொல்லிலிருந்து ஓர் எழுத்தை எடுங்கள். மிச்சம் இருப்பதை இடம் மாற்றாமல் அப்படியே சேர்த்துப் படித்தால் புதுச் சொல் வர வேண்டும். அதிலிருந்து இன்னொன்றை எடுத்தால் அடுத்த சொல். எடுத்துக்காட்டுக்கு ஒன்று:

பாட்டு → பாடு → பா

முதலில் ‘ட்’ போனது, அப்புறம் ‘டு’ போனது. மூன்றுமே ஒரே வீட்டுச் சொற்கள் என்பதால் இது எனக்கு ரொம்பப் பிடித்த சங்கிலி.

தொடங்கும் முன் ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள். இங்கே எழுத்து என்றால் தமிழ் எழுத்து. ‘கி’ ஓர் எழுத்து, ‘தை’ ஓர் எழுத்து, புள்ளி வைத்த ‘ட்’ தனியாக ஓர் எழுத்து. காலை மட்டும் எடுத்துக் ‘காலம்’ என்பதைக் ‘கலம்’ ஆக்குவது இங்கே செல்லாது. அது வேறு ஆட்டம். மாத்திரைச் சுருக்கம் என்று அதற்குப் பழைய பெயரே உண்டு. நம் ஆட்டத்துக்கும் உண்டு: அக்கரச் சுதகம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் அக்கரச் சுதகத்தையும், அதன் உரை மாத்திரைச் சுருக்கத்தையும் சித்திரகவி என்னும் சொல்விளையாட்டுச் செய்யுள் வகைகளில் சேர்த்திருக்கின்றன. அந்தக் காலப் புலவர்கள் குறிப்புகளையும் செய்யுளாகவே கட்டிக் கொடுத்தார்கள். நாம் உரைநடையிலேயே பார்ப்போம்.

தடுமாறினால் புள்ளி எழுத்தின் மேல் சந்தேகப்படுங்கள். வாய் அதை அடுத்த எழுத்தோடு சேர்த்தே உச்சரித்துவிடுவதால், தனியே எடுக்கலாம் என்பது சட்டென்று தோன்றாது. நல்ல சங்கிலிகளில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஒரே ஒரு எழுத்து

1. பக்கவாட்டில் நடக்கும். ஒன்று போனால் மையம்.

2. மீறக் கூடாதது. ஒன்று போனால் தேவையில்லாத சண்டை.

3. மூளையின் சேதியை உடம்பெங்கும் கொண்டு போகும். ஒன்று போனால் ‘சந்தேகப்படாதே’ என்று சொல்லும்.

4. சாரை சாரையாகப் போகும். ஒன்று போனால், எட்டாததை எட்ட நீ செய்ய வேண்டியது.

5. வலை பின்னும். ஒன்று போனால் ‘யோசித்துப் பார்’ என்று கட்டளையிடும்.

6. காதில் விழுவது. ஒன்று போனால் மட்டையாளர் ஏங்குவது.

இரண்டு படி

7. ஆட்சியாளர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள் → வீட்டில் ஒருத்தி → போதை தரும் பானம்.

8. பெரிய ஊர் → வாலோடு பறப்பது → சுவரில் மாட்டுவது.

9. செங்கல்லும் சிமெண்டும் சேர்ந்தது → நாலு பக்கமும் கோடு போட்டது → கச்சேரியில் தட்டுவது.

10. அரைத்துப் பூசுவது → செய்யுளின் ஓசை நடை → (ஆறாம் புதிரின் இரண்டாம் விடையே மறுபடியும் வருகிறது.)

11. மரியாதையோடு சொல்வது → முகம் → மரங்கள் அடர்ந்த இடம்.

12. பச்சை மணி → பாடலிபுத்திரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய நாடு → யானைக்குப் பிடிப்பது.

13. குளிருக்குப் போர்த்துவது → நட்டு வைத்தது → நெஞ்சில் கட்டுவது.

14. மரத்தை அறுத்தால் கிடைப்பது → இரு வீட்டாரும் முகம் பார்க்காமல் போவதற்குக் காரணம் → தோளில் தொடங்கி விரலில் முடிவது.

15. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இருப்பது → வண்டி → உயிரோ உணர்வோ இல்லாதது.

மூன்று படி

16. மனம் தெளியாத நிலை → ஊரே இரண்டுபடுவது → பாத்திரம் என்றும் சொல்லலாம், கப்பல் என்றும் சொல்லலாம் → இரண்டை ஒன்றாக்கச் சொல்லும் கட்டளை.

உதிர்ந்ததைப் பொறுக்கு

இது கடைசி, கொஞ்சம் கடினம். கீழே மூன்று சொற்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை எடுத்தால் புதுச் சொல் வரும். எடுத்த மூன்று எழுத்துகளையும் வரிசையாக வைத்தால் நான்காவதாக ஒரு சொல் கிடைக்கும்.

17. (அ) சூரியன் ஆளும் நேரம். ஒன்று போனால் கடிக்க உதவுவது.
(ஆ) அரசர்களைத் தோளில் சுமந்து போன ஊர்தி; ஒன்று போனால் தலைமுடி.
(இ) நடந்து போகும் வழி. ஒன்று போனால் செய்யுள்.

பக்கத்தை இங்கே மூடி வைத்துவிட்டு, தாளில் எழுதிப் பாருங்கள். மனசுக்குள்ளேயே போட்டால் புள்ளி எழுத்துகள் நழுவிவிடும்.

விடைகள்

முதல் ஆறு: நண்டு–நடு, வரம்பு–வம்பு, நரம்பு–நம்பு, எறும்பு–எம்பு, சிலந்தி–சிந்தி, சத்தம்–சதம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டிலும் விழுவது ‘ர’. ஒன்றைப் பிடித்தவருக்கு மற்றது தானாக வந்திருக்கும். நான்காவதற்கு ‘எலும்பு’ என்று எழுதியிருந்தால் இரண்டாம் பாதி சரியாகவே வரும், ஆனால் எலும்பு சாரை சாரையாகப் போகாது. மதிப்பெண் கிடையாது.

7. மக்கள் – மகள் – கள். முதலில் ‘க்’, அப்புறம் ‘ம’.

8. பட்டணம் – பட்டம் – படம். இங்கே பலர் ‘பணம்’ என்று தாவுவார்கள். ‘ட்ட’ இரண்டையும் ஒரே மூச்சில் எடுத்தால்தான் அது வரும். ஒரு படிக்கு ஓர் எழுத்துதான்.

9. கட்டடம் – கட்டம் – கடம். ‘கட்டிடம்’ என்று எழுதித் தொடங்கியவர்களும் ‘டி’யை எடுத்து இதே இடத்துக்கு வந்து சேரலாம். இரண்டு வழியும் ஏற்கத்தக்கவை.

10. சந்தனம் – சந்தம் – சதம்.

11. வந்தனம் – வதனம் – வனம். வதனத்தில் ‘த’வுக்குப் பதில் ‘ன’வை எடுத்தால் ‘வதம்’ வரும். நல்ல சொல்தான், குறிப்போடு பொருந்தவில்லை.

12. மரகதம் – மகதம் – மதம். இதில் புள்ளி எழுத்து எதுவும் விழவில்லை, இருந்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு கல், ஒரு நாடு, யானையின் வெறி என்று பொருள்கள் அவ்வளவு தூரம் தள்ளி நிற்கின்றன. புதிர் அமைப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

13. கம்பளம் – கம்பம் – கபம். கம்பத்தில் இரண்டு ‘ம்’ இருக்கிறது. விழுவது முன்னால் உள்ளது.

14. பலகை – பகை – கை.

15. சங்கடம் – சகடம் – சடம். இந்தச் சொல்லுக்கு இரண்டு வாசல். ‘ங்’ போனால் சகடம். ‘ட’ போனால் ‘சங்கம்’. அந்தப் பக்கம் போனவர் அங்கே ‘ங்’கை எடுத்தால் ‘சகம்’, அதாவது உலகம். குறிப்பில் வண்டி வருவதால் முதல் வாசலே விடை. ஆனாலும் சங்கம், சகம் என்று எழுதியவர்களுக்கு அரை மதிப்பெண் தர எனக்குச் சம்மதம்.

16. கலக்கம் – கலகம் – கலம் – கல. ஐந்தெழுத்தில் தொடங்கி இரண்டெழுத்து வரை ஒரு சொல்லும் வலிந்து நிற்கவில்லை. மூன்று படி இறங்கும் சங்கிலி எளிதில் அமையாது. பெரும்பாலும் கடைசிப் படியில் அகராதியில் மட்டும் வாழும் சொல் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

17. பகல்–பல், சிவிகை–சிகை, பாதை–பா. உதிர்ந்தவை க, வி, தை. சேர்த்தால் கவிதை.

இனி அந்தக் கவிதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து போனால் விதை. நடு எழுத்து போனால் கதை. கடைசி எழுத்து போனால் கவி. எதை எடுத்தாலும் சொல் நிற்கிறது. மூன்றெழுத்துச் சொற்களில் இப்படி மூன்று பக்கமும் திறப்பவை குறைவு. இன்னொன்றை உங்களுக்கே விடுகிறேன்: நாலு கால் விலங்கு ஒன்று. முதல் எழுத்து போனால் கடலலை, நடு எழுத்து போனால் நாய் போடும் சத்தம், கடைசி எழுத்து போனால் ‘தாவு’. விடை அடுத்த வாரம்.