பொருள்: சிஏஆர்/2024/0417 பாலிசிக் காலத்தை 31.03.2026 வரை நீட்டிக்கக் கோருதல்

10.11.2025
சென்னை

கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வேளச்சேரியில் நாங்கள் கட்டிவரும் ஸ்டில்ட் + 5 மாடிக் குடியிருப்புக்கான கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி 30.11.2025 நள்ளிரவில் முடிகிறது. அதற்குள் பணி முடியாது.

தாமதம் அடித்தளத்தில் தொடங்கியது. மண் ஆய்வில் 16 மீட்டரில் காட்டிய பாறை, பல இடங்களில் 21 மீட்டரில்தான் கிடைத்தது. 64 பைல்களின் நீளத்தையும் கம்பிக்கூட்டையும் மாற்றியதில் 11 வாரம் போனது. இப்போது வடகிழக்குப் பருவமழையால் வெளிப்பூச்சு நிற்கிறது. ஐந்து தளங்களுக்கும் கான்கிரீட் முடிந்துவிட்டது. மொத்தப் பணியில் 78 சதவீதம் நிறைவு. வேலை எந்த நாளும் முழுமையாக நிற்கவில்லை. இதுவரை இழப்பீட்டுக் கோரிக்கையும் இல்லை.

ஒப்பந்த மதிப்பு ரூ.18.40 கோடியிலிருந்து ரூ.19.65 கோடியாகியுள்ளது. காப்பீட்டுத் தொகையையும் அதற்கேற்ப உயர்த்துங்கள். குறைவாக இருந்தால் இழப்பீட்டில் விகிதப்படி வெட்டு விழும். மூன்றாம் நபர் பொறுப்பு புதிய முடிவுத் தேதி வரையும், 12 மாதப் பராமரிப்புக் காலம் அதற்குப் பிறகும் தொடர வேண்டும்.

கூடுதல் பிரீமியத்தை 20-ஆம் தேதிக்குள் தெரிவித்தால் உடனே செலுத்துவோம். 1.12.2025 முதல் ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் எண்டார்ஸ்மென்ட் தேவை. மழைக்காலத்தில் அந்த இடைவெளி ஆபத்தானது. சர்வேயர் எந்த வேலை நாளிலும் தளத்தைப் பார்வையிடலாம்.

இணைப்பு: திருத்திய பார் சார்ட், கட்டமைப்புப் பொறியாளர் சான்று, உரிமையாளரின் கால நீட்டிப்புக் கடிதம், தளப் புகைப்படங்கள்.

இப்படிக்கு,
திட்ட மேலாளர்