எஞ்சின் ஒயில் 7 பரல்: விலையும் விநியோகத் திகதிகளும் குறித்து

கொட்டகலை
2024.12.04

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,
பேலியகொடை களஞ்சியம்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கூறுவிலை கிடைத்தது. 15டபிள்யூ-40 சிஐ-4 எஞ்சின் ஒயில், 209 லீட்டர் பரலில் லீட்டர் 1,640 ரூபா என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு பரல் வாங்குகிறவருக்கு இது சரியான விலையாக இருக்கலாம். நாங்கள் வருடத்துக்கு 7 பரல் எடுக்கிறோம்.

கணக்கு இது. கொழும்புக்குத் தேயிலை ஏற்றும் லேலண்ட் லொறி 6. ஒவ்வொன்றும் மாதம் 5,000 கிலோமீற்றர் ஓடுவதால் மாதம் ஒருமுறை ஒயில் மாற்றுகிறோம், பில்டருடன் 15 லீட்டர். கொழுந்து ஏற்றும் கேன்டர் 4, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 9 லீட்டர். இடையில் ஊற்றிக்கொள்வதையும் சேர்த்தால் மாதம் 120 லீட்டர். கினிகத்தேனை ஏற்றத்தில் சின்னக் கியரில் நெடுநேரம் இழுக்கும் வண்டிகள் என்பதால், மாற்றும் தூரத்தை நீட்டி ஒயிலை மிச்சம் பிடிக்க நாங்கள் தயாரில்லை. ஆகவே இந்த அளவு குறையாது.

நாங்கள் கேட்பது லீட்டர் 1,540 ரூபா, கொட்டகலையில் இறக்கிக்கொடுத்து. பரலுக்கு 20,900 ரூபா குறைகிறது. அது முடியாவிட்டால் 1,500 ரூபாவுக்குக் களஞ்சியத்திலேயே தாருங்கள். கொழும்பில் தேயிலை இறக்கிய லொறி பல நாள் வெறுமையாகத்தான் திரும்புகிறது, நாங்களே ஏற்றிக்கொள்வோம். எந்த விலையானாலும் 18 வீத வற் வரி அதற்குள்ளா வெளியிலா என்று எழுத்தில் தெரிவிக்கவும். கூறுவிலையில் அது தெளிவாக இல்லை.

விலை 6 மாதத்துக்கு மாறக்கூடாது. டொலர் 5 வீதத்துக்கு மேல் ஏறினால் மட்டும் 21 நாள் முன்னறிவித்தலோடு பேசலாம். அதே அளவு இறங்கினாலும் பேச வேண்டும்.

கொண்டுவர வேண்டிய நாட்கள்: 2025 ஜனவரி 7 இரண்டு பரல், ஏப்ரல் 8 இரண்டு, ஜூலை 29 இரண்டு, நவம்பர் 11 ஒன்று. எல்லாம் செவ்வாய்க்கிழமை. ஏப்ரலில் புத்தாண்டுக்கு முன்பே வந்துவிட வேண்டும், பிறகு இறக்க ஆள் கிடைக்காது. ஜூலைத் தவணை மழைக்காலத்தில் விழுகிறது. மண்சரிவால் பாதை மூடினால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லுங்கள், ஒரு வாரம் பொறுப்போம். நுவரெலியா வழியாகச் சுற்றி வந்து அந்தச் செலவை எங்கள் பில்லில் சேர்க்க வேண்டாம்.

எங்கள் கராஜ் வளைவுக்கு உட்புறத்தில், சரிவில் இருக்கிறது. பத்துச் சில்லு வண்டி திரும்பாது, சின்ன லொறியே வர வேண்டும், காலை 9 மணிக்கு முன். பரல் ஒன்று கிட்டத்தட்ட 200 கிலோ. நேரே தரையில் தள்ளினால் அடித் தையல் விட்டுவிடும். பலகை கொண்டுவாருங்கள், பழைய டயர் நாங்கள் போடுவோம்.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. பரலை வெளியில் நிமிர்த்தி வைத்தால் மேல் மூடியில் மழைநீர் தேங்கும். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது பரல் மூச்சிழுக்கிற மாதிரி அந்த நீரை அடைப்பு வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். சீல் உடையாமலே இது நடக்கும். எனவே களஞ்சியத்தில் கூரைக்கடியில் வையுங்கள். இடமில்லையென்றால், இரண்டு அடைப்பும் கடிகாரத்தின் 3, 9 மணி நிலையில் இருக்கும்படி படுக்க வையுங்கள். இறக்கும்போது அடியிலிருந்து மாதிரி எடுத்துச் சூடான தகட்டில் இரண்டு சொட்டு விடுவோம். படபடவென்று பொரிந்தால் அந்தப் பரல் திரும்பும், ஏற்றுக்கூலி உங்களுடையது. பட்ச் இலக்கமும் தயாரிப்புத் திகதியும் பில்லில் இருக்கட்டும்.

முதல் தவணையோடு இவையும் வேண்டும்: கியர்பொக்ஸுக்கு 80டபிள்யூ-90 ஜிஎல்-4, 20 லீட்டர் கேன் 3, டிஃபரன்ஷலுக்கு 85டபிள்யூ-140 ஜிஎல்-5, கேன் 3, லித்தியம் கிறீஸ் 15 கிலோ வாளி 2. ஜிஎல்-4 கையிருப்பில் இல்லையென்று ஜிஎல்-5ஐ மாற்றி அனுப்ப வேண்டாம். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் கியர்பொக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். பிரேக் ஒயில் டொட்-4, அரை லீட்டர் போத்தலாக 12. பெரிய கேன் மலிவுதான், ஆனால் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஒயில் இறக்கத்தில் சூடேறி ஆவியானால் பிரேக் மிதி வெறுமையாகக் கீழே போகும்.

கொடுப்பனவு: ஒவ்வொரு தவணையிலும் ஒரு பரலுக்கு இறக்கிய அன்றே காசு, மற்றதற்கு 30 நாள் காசோலை. தொழிற்சாலைகள் எங்களுக்கு 45 நாளில்தான் தருகின்றன, இதைவிட முன்னதாக முடியாது. வெற்றுப் பரல்கள் எங்களுக்கே, அவற்றுக்கு வைப்புப் பணம் கேட்கக்கூடாது.

டிசம்பர் 16க்குள் எழுத்தில் பதில் தாருங்கள். ஜனவரி 7க்கு முன் மற்ற விநியோகஸ்தருக்கு நாங்கள் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
லொறி உரிமையாளர்