மீதியில் மூன்றில் ஒரு பங்கு

தம்பி, நீ அனுப்பிய படம் வந்தது. ஓரத்தில் கொஞ்சம் நிழல் விழுந்திருக்கிறது, ஆனாலும் கணக்கைப் படிக்க முடிகிறது. நான் படித்தது சரிதானா என்று பார்:

"மீனா ஒரு புத்தகத்தில் 2/5 பங்கைச் சனிக்கிழமை படித்தாள். மீதியில் 1/3 பங்கை ஞாயிற்றுக்கிழமை படித்தாள். இன்னும் 48 பக்கங்கள் உள்ளன. மொத்தப் பக்கங்கள் எத்தனை?"

பக்கத்திலேயே நீ 2/5 + 1/3 = 11/15 என்று போட்டு, விடை 180 என்று எழுதியிருக்கிறாய். கூட்டல் சரிதான், பகுதியை 15 ஆக்கியதும் அழகாகச் செய்திருக்கிறாய். ஆனால் கணக்கில் "மீதியில்" என்று ஒரு சொல் இருக்கிறது, பார்த்தாயா? அதற்கு அடியில் ஒரு கோடு போடு. அந்த 1/3 முழுப் புத்தகத்தில் எடுத்தது இல்லை. சனிக்கிழமை போக மிச்சம் இருந்ததில் எடுத்தது. ஒன்று முழுப் புத்தகத்தின் பங்கு, இன்னொன்று மீதியின் பங்கு. அதனால்தான் இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது.

சரி, இப்போது ஒரு நீளப் பட்டை வரை. அதுதான் முழுப் புத்தகம். எத்தனை பக்கம் என்று தெரியாது, பரவாயில்லை. 2/5 என்று சொன்னதால் அதை 5 சமக் கட்டங்களாகப் பிரி. சனிக்கிழமைக்கு இரண்டு கட்டங்களில் "ச" என்று எழுது.

```
| ச | ச |   |   |   |
```

இப்போது "ச" போட்ட பக்கத்தைக் கையால் மூடிக்கொள். கண்ணுக்குத் தெரிவது 3 கட்டங்கள். அதுதான் மீதி. அந்த மூன்றில் 1/3 என்றால் ஒரே ஒரு கட்டம். அதில் "ஞா" போடு.

```
| ச | ச | ஞா |   |   |
```

கையை எடு. 2 கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அவைதான் அந்த 48 பக்கங்கள்.

2 கட்டம் = 48
1 கட்டம் = 48 ÷ 2 = 24
5 கட்டம் = 24 × 5 = 120

மொத்தம் 120 பக்கங்கள்.

சரிபார்ப்போம். 120இல் 2/5 என்றால் 48. மீதி 72. அதில் 1/3 என்றால் 24. 72இலிருந்து 24 போனால் 48. கணக்கில் சொன்னது வந்துவிட்டது. இதே மாதிரி உன் 180ஐயும் ஒரு தடவை போட்டுப் பார். 72 போக 108, அதில் 36 போக 72 மிஞ்சும், 48 வராது.

ஒருவேளை "மீதியில் 1/2" என்று கேட்டிருந்தால்? 3 கட்டத்தைப் பாதியாக்க முடியவில்லையே என்று தோன்றும். அப்போது பட்டையில் இருக்கும் எல்லாக் கட்டத்தையும் இரண்டிரண்டாக வெட்டிவிடு. மொத்தம் 10 கட்டம், மீதி 6, அதில் பாதி 3. ஒன்றை வெட்டினால் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டங்கள் சமமாக இருக்காது.

அடுத்த கணக்கு படத்தில் பாதிதான் விழுந்திருக்கிறது. முழுசாக எடுத்து அனுப்பு. அதற்கு முன்னால் பட்டையை மட்டும் நீயே வரைந்துவிடு, அந்தப் பட்டையையும் சேர்த்துப் படம் எடு.