எங்கள் ட்யூஷன் மையத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்: வரும் கல்வியாண்டுக்கான நான்கு கட்ட அட்டவணை

பங்குதாரருக்கும் பகுதிநேர ஆசிரியர்கள் இருவருக்கும்:

கல்வியாண்டு முடிய இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. கடந்த வாரக் கூட்டத்தில் நாம் நால்வரும் தனித்தனியாக எழுதித் தந்த குறிப்புகளைச் சேர்க்கைப் பதிவேட்டுடனும் கட்டணக் கணக்குடனும் ஒப்பிட்டுப் பார்த்து, நிலைத்தவற்றை மட்டும் கீழே தொகுத்திருக்கிறேன். மேல் வரிசையில் இருப்பவை நம் கையில் உள்ளவை. கீழ் வரிசையில் இருப்பவை நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கப்போகிறவை.

| | நமக்கு உதவுவன | நம்மைத் தடுப்பன |
|---|---|---|
| மையத்திற்கு உள்ளே | பலம்
1. எந்தப் பேட்ச்சிலும் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.
2. வாரத் தேர்வின் விடைத்தாள் இரண்டு நாட்களுக்குள் திருத்தப்பட்டு, தவறுகள் குறிக்கப்பட்டு மாணவரிடம் திரும்புகிறது.
3. இப்போதுள்ள 68 மாணவர்களில் 52 பேர் அண்ணன், அக்கா அல்லது வேறொரு பெற்றோர் சொல்லி வந்தவர்கள். | பலவீனம்
1. எல்லா வகுப்புக்கும் கணிதம் எடுப்பவர் ஒருவரே.
2. 68 பேரில் 31 பேர் பத்தாம் வகுப்பு மாணவர்கள். ஆண்டு முடிவில் அவர்கள் வெளியேறிவிடுவார்கள்.
3. கட்டணம் செலுத்தும் நாள் குறித்து எழுத்துவடிவ விதி எதுவும் இல்லை.
4. அறைகளுக்கு எழுத்துவடிவ வாடகை ஒப்பந்தம் இல்லை. |
| மையத்திற்கு வெளியே | வாய்ப்பு
1. இரண்டு தெரு தள்ளி ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுத்துவரும் மூத்த ஆசிரியர் இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார்.
2. இருவரும் வேலைக்குச் செல்லும் பெற்றோர், பிள்ளைகளை மாலையில் பள்ளி முடிந்ததும் நேராகப் படிக்க அனுப்ப இடம் தேடுகிறார்கள். | அச்சுறுத்தல்
1. அருகிலுள்ள பள்ளி, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை 4:30 முதல் 6 மணி வரை கட்டணமில்லாச் சிறப்பு வகுப்பு நடத்தப்போவதாக அறிவித்திருக்கிறது.
2. பிரதான சாலையில் ஒரு பெரிய பயிற்சி நிறுவனம் கிளை திறக்கிறது.
3. பாடங்களை விளக்கும் இலவசக் காணொளிகள் எல்லார் கைப்பேசியிலும் கிடைக்கின்றன. |

எது எந்தக் கட்டத்தில், ஏன்

குறிப்புகளில் பாதிக்கு மேல் தவறான கட்டத்தில் எழுதப்பட்டிருந்தன. நான் எழுதியவையும் அதில் அடக்கம். "இணையதளம் தொடங்கலாம்", "கோடை வகுப்பு நடத்தலாம்" ஆகியவற்றை இருவர் வாய்ப்பு என்று எழுதியிருந்தோம். அவை வாய்ப்புகள் அல்ல, நாம் செய்ய நினைக்கும் செயல்கள். நாளையே நம் மையத்தைப் பூட்டிவிட்டாலும் அந்தச் செய்தி உண்மையாக இருக்குமா என்று ஒவ்வொரு வரியையும் கேட்டுப் பார்த்தேன். மூத்த ஆசிரியர் ஓய்வு பெறுவது நாம் பூட்டினாலும் நடக்கும். ஆகவே அது வெளியே. இணையதளம் நாம் இல்லாவிட்டால் இல்லை. ஆகவே அது அட்டவணையில் எங்கும் வரவில்லை.

"அர்ப்பணிப்புள்ள ஆசிரியர்கள்" என்ற வரியை நால்வருமே பலத்தில் எழுதியிருந்தோம். அதை நீக்கிவிட்டேன், யாரும் மனம் வருந்த வேண்டாம். எல்லா மையமும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வாசகம் அது. பதிவேட்டைப் புரட்டியோ பெற்றோரிடம் கேட்டோ சரிபார்க்க முடியாத ஒன்றைப் பலம் என்று எழுதி வைத்தால், அதை நம்பி எடுக்கும் முடிவும் அந்தரத்தில்தான் நிற்கும். விடைத்தாளை இரண்டு நாட்களில் திருப்பித் தருவதோ அப்படியல்ல. திருத்திய தேதி தாளிலேயே இருக்கிறது, பெற்றோர் அதை வீட்டில் பார்க்கிறார்கள், ஓர் அறையில் நாற்பது பேரை உட்கார வைக்கும் இடத்தில் அதைச் செய்வது எளிதுமல்ல.

வாடகை விஷயம் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நின்றது. வீட்டு உரிமையாளர் அறைகளைக் கேட்டுவிடுவாரோ என்பது வெளியிலிருந்து வரும் அச்சுறுத்தல். ஆனால் ஏழு ஆண்டுகளாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமல் இருப்பது நம் சோம்பல். நம்மால் சரிசெய்யக்கூடிய பாதியை எடுத்துப் பலவீனத்தில் வைத்தேன்.

கணிதம் ஒருவரிடம் இருப்பது

இதை எழுதுவதற்குக் கொஞ்சம் தயங்கினேன், ஏனெனில் அந்த ஒருவர் நான்தான். பெற்றோர் பலர் என் கணித வகுப்புக்காகவே பிள்ளைகளைச் சேர்ப்பதாகச் சொல்வதால், பங்குதாரர் தம் குறிப்பில் அதைப் பலத்தில் முதல் வரியாக எழுதியிருந்தார். அதையே பலவீனத்தில் முதல் வரியாக மாற்றியிருக்கிறேன்.

நம் வகுப்பு ஒன்றரை மணி நேரம். அதில் முதல் பாதி நான் ஓர் அறையிலும் அறிவியல் எடுக்கும் பங்குதாரர் மற்றோர் அறையிலும் இருந்து, பிற்பாதியில் அறை மாறிக்கொள்கிறோம். இந்த ஏற்பாட்டில் ஒருவர் வராவிட்டால் இரண்டு அறையும் தடுமாறும். கடந்த ஆண்டு எனக்குக் காய்ச்சல் வந்த ஒன்பது நாட்களும் ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் விழுந்தன. பகுதிநேர ஆசிரியர்கள் பழைய வினாத்தாள்களைக் கொடுத்து வகுப்பை நகர்த்தினார்கள் என்றாலும், இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. ஒருவரைச் சுற்றி அமைந்த நற்பெயர், அவர் படுக்கையில் விழுந்த அன்றே கடனாக மாறிவிடுகிறது. எனவே பலம் என்று எதை வைத்துக்கொள்ளலாம் என்றால், கணிதப் பாடத்திற்கு நாம் ஏழு ஆண்டுகளில் சேர்த்து வைத்திருக்கும் வாரத் தேர்வுத் தாள்களையும், மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளைக் குறித்து வைத்த ஏட்டையும் சொல்லலாம். அவையும் இப்போது என் பையில்தான் இருக்கின்றன. பிறர் பயன்படுத்தும் ஒழுங்கில் இல்லாததால் அவற்றை அட்டவணையில் சேர்க்கவில்லை.

மாணவர் எண்ணிக்கையின் வடிவம்

ஆறாம் வகுப்பில் 4, ஏழில் 5, எட்டில் 11, ஒன்பதில் 17, பத்தில் 31. தலைகீழாக நிற்கும் கூம்பு போல இருக்கிறது. யாரும் இடையில் விலகாமல் எல்லாரும் தொடர்ந்தாலும் அடுத்த ஆண்டு தொடங்கும்போது நம்மிடம் 37 பேர்தான் இருப்பார்கள். மீதியை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பத்தாம் வகுப்பில் சேர்பவர்களைக் கொண்டே நிரப்பி வந்திருக்கிறோம். இந்த ஆண்டு அப்படி நேரடியாக வந்தவர்கள் 13 பேர். பள்ளியின் கட்டணமில்லாச் சிறப்பு வகுப்பு முதலில் இழுக்கப்போவது இந்தப் பிரிவைத்தான். நம்மோடு மூன்று ஆண்டுகள் இருந்த மாணவர் எளிதில் போகமாட்டார். பத்தாம் வகுப்புக்காக மட்டும் மையம் தேடும் குடும்பமோ, பள்ளியிலேயே கிடைக்கிறது என்றால் தேடுவதையே நிறுத்திவிடும்.

பெரிய பயிற்சி நிறுவனத்தைப் பற்றிப் பகுதிநேர ஆசிரியர்கள் மிகுந்த கவலை தெரிவித்திருந்தார்கள். எனக்கு அந்த அளவு அச்சம் இல்லை. அவர்கள் நுழைவுத் தேர்வை முன்வைத்து வருகிறார்கள், நாம் பள்ளிப் பாடத்தை எடுக்கிறோம். விளம்பரத்தில் மோதினால் தோற்போம், மோதாமல் இருக்கலாம். காணொளிகளைப் பொறுத்தவரை, பாடத்தை விளக்குவதை மட்டும் நாம் விற்றுக்கொண்டிருந்தால் அவை அச்சுறுத்தல்தான். மாணவர் எழுதிய விடையில் எந்தப் படியில் தவறு நேர்ந்தது என்று காணொளி சொல்லாது.

கட்டண விஷயத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. சென்ற மாதம் பத்தாம் தேதிக்குள் 41 பேரும், மாத இறுதிக்குள் மேலும் 15 பேரும் செலுத்தினர். 12 பேரின் பாக்கி அடுத்த மாதத்திற்குப் போனது. வாடகையோ ஐந்தாம் தேதி கொடுக்க வேண்டும். விதி ஒன்றை எழுதிச் சேர்க்கைப் படிவத்தில் அச்சிட்டால் போதும்.

கட்டங்களை இணைத்துப் பார்த்தபோது

நான்கு கட்டங்களை நிரப்பியதும் வேலை முடிந்ததாக விட்டுவிடுவது வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாமும் அதைத்தான் செய்தோம். அந்தத் தாள் இன்னும் அலமாரிக்குள் கிடக்கிறது. மேல் வரிசையைக் கீழ் வரிசையோடு இணை இணையாக வைத்து முடிவுகளை எடுக்கும் முறையை 1982இல் ஹைன்ஸ் வைரிச் என்ற மேலாண்மைப் பேராசிரியர் முன்வைத்தார். அதன்படி பார்த்ததில் நமக்கு உண்மையில் பயன்படும் இணைகள் மூன்று.

முதலாவது, கீழ்வகுப்புகளில் மாணவர் குறைவு என்ற பலவீனமும் மூத்த ஆசிரியரின் ஓய்வு என்ற வாய்ப்பும். அவரிடம் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டு அறை, நாளுக்கு இரண்டு வகுப்பு நேரம், வாரம் ஆறு நாள் என்று நமக்கு 24 வகுப்பு இடங்கள் உள்ளன. ஏழு பேட்ச்சுக்கும் வாரம் மூன்று வகுப்பு வீதம் 21 இடங்கள் போகின்றன. மீதி மூன்றில் ஒரு புதிய பேட்ச் மட்டுமே அடங்கும். ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கான இப்போதைய பேட்ச்சிலும் மூன்று பேருக்கு இடம் இருப்பதால், உடனடியாகப் பதினைந்து பேர் வரை ஏற்கலாம். பன்னிரண்டு என்ற எல்லையைத் தளர்த்தி எல்லாரையும் ஏற்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. முதல் பலத்தை விற்று வாய்ப்பை வாங்குவதாகிவிடும். வரும் ஞாயிறன்று நானும் பங்குதாரரும் அவரை நேரில் சந்தித்து, பெற்றோரிடம் நம்மைப் பற்றிச் சொல்ல அவருக்கு விருப்பமா என்று கேட்கிறோம்.

இரண்டாவது, பள்ளியின் சிறப்பு வகுப்பு. இப்போது பத்தாம் வகுப்பின் இரண்டு பேட்ச்கள் மாலை 5 மணிக்குத் தொடங்கும் வகுப்பு நேரத்தில் இருக்கின்றன. அவை நேரடியாக மோதும். மூன்று பேட்ச்களையும் 6:30 முதல் 8 வரையிலான நேரத்திற்கு நகர்த்தினால், அந்த நேரத்தின் 12 இடங்களில் ஒன்பது நிரம்பும், ஒன்பதாம் வகுப்பின் ஒரு பேட்ச் மீதி மூன்றில் அமரும். மற்ற பேட்ச்களும் புதிய பேட்ச்சும் 5 மணி வகுப்பு நேரத்தில் சரியாக அடங்குகின்றன. மாலையில் பிள்ளைகளை நேராக அனுப்ப விரும்பும் பெற்றோருக்கும் அதுவே வசதி. பள்ளியிலும் படித்துவிட்டு நம்மிடம் வரும் மாணவர் களைத்திருப்பார் என்பதால், அந்த நேரத்தில் புதிய பாடம் எடுப்பதைக் குறைத்து, எழுத வைத்துத் திருத்துவதை அதிகமாக்க வேண்டும். புதிய நேர அட்டவணையைப் பங்குதாரர் இரண்டு வாரத்திற்குள் தயாரிக்கிறார்.

மூன்றாவது, கணிதம். புதிய பேட்ச்சின் கணிதத்தை நான் எடுக்கப்போவதில்லை. பகுதிநேர ஆசிரியர்களில் ஒருவர் முதல் நாளிலிருந்தே அதை ஏற்க வேண்டும். அதற்கு முன் இரண்டு மாதங்கள் எட்டாம் வகுப்பில் வாரம் ஒரு வகுப்பை அவர் எடுக்க, நான் பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன். இதற்குரிய கூடுதல் ஊதியத்தை முன்னதாகவே பேசி முடிவு செய்வோம். தேர்வுத் தாள்களையும் தவறுகளின் ஏட்டையும் பாட வாரியாகப் பிரித்து அலுவலக அலமாரியில் வைக்கும் பொறுப்பு என்னுடையது. மாத இறுதிக்குள் முடிப்பேன்.

வாடகை ஒப்பந்தத்தைப் பங்குதாரரும் கட்டண விதியை நானும் எழுதுகிறோம். அட்டவணையின் ஒரு படியை வகுப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுகிறேன். புதிய செய்தி கிடைப்பவர் பேனாவால் அதிலேயே திருத்தி, தேதியும் குறிக்கவும். சேர்க்கை தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை அந்தத் திருத்தங்களோடு மீண்டும் உட்காருகிறோம்.