மகள் திருமண ஏற்பாடுகளுக்கு நான்கு வார விடுப்பு வேண்டி

காரைக்குடி
22.06.2026

அனுப்புநர்:
லெ. வள்ளியம்மை,
கணக்கர், சம்பளப் பிரிவு

பெறுநர்:
நிர்வாக மேலாளர் அவர்கள்

பொருள்: 03.08.2026 முதல் 29.08.2026 வரை விடுப்பு வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மூத்த மகளுக்கு ஆகஸ்ட் 24 அன்று தேவகோட்டையில் எங்கள் பொது வீட்டில் திருமணம் நிச்சயமாகியுள்ளது. அதற்காக மேற்கண்ட நாட்களுக்கு விடுப்பு அளிக்க வேண்டுகிறேன்.

கல்யாணத்துக்கு நாலு வாரமா என்று நீங்கள் நினைக்கலாம். மண்டபத்தில் வைத்திருந்தால் இவ்வளவு கேட்டிருக்க மாட்டேன். பொது வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது என் மாமியாருடைய விருப்பம். வீடோ பல ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. ஓடு மாற்ற வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும், இரண்டாம் கட்டில் உள்ள அறைகளைத் திறக்கப் பங்காளிகளிடம் சாவி வாங்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். பாத்திர அறையில் இருக்கும் அண்டா, குத்துவிளக்கு, வெள்ளிச் சாமான் எல்லாவற்றையும் எண்ணி எழுதி வைத்துவிட்டுத்தான் விளக்கவே கொடுக்க முடியும்.

இந்த வேலைகளை ஆடியிலேயே முடித்தாக வேண்டும். ஆவணி பிறந்த பிறகு கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கும். முகூர்த்தக்கால், படைப்பு, பலகாரம், சீர்ச் சாமான் பரப்புவது எல்லாம் அந்த ஒரு வாரத்துக்குள். எங்களுக்கு இளையாத்தங்குடிக் கோயில், மாப்பிள்ளை வீட்டாருக்கு மாத்தூர்க் கோயில். இரண்டு கோயிலிலிருந்தும் மாலை வந்தாக வேண்டும் என்பதால் அங்கேயும் முன்கூட்டியே போய்ச் சொல்லி வைக்க வேண்டும். என் கணவருக்குச் சிங்கப்பூரில் ஒரு வாரம்தான் விடுப்பு கிடைத்திருக்கிறது. அதனால் அலைச்சல் எல்லாம் என் தலையில்தான்.

அலுவலக வேலை நிற்காது. ஜூலைச் சம்பளப் பட்டியலை வருகைப் பதிவோடு சரிபார்த்து ஆகஸ்ட் 1-ஆம் தேதியே கொடுத்துவிடுவேன். 7-ஆம் தேதிக்குள் பணம் போட வேண்டும் என்பதால் 6-ஆம் தேதி மட்டும் காலையில் வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன். 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலையை என் பிரிவில் உள்ள இளையவருக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இந்த மாதம் அவரையே செய்யச் சொல்லிப் பார்த்தேன், சரியாகவே செய்தார். ஆகஸ்ட் சம்பளத்துக்கு நானே வந்துவிடுவேன்.

என் கணக்கில் 16 நாள் சம்பள விடுப்பு இருக்கிறது. மீதி நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாக எடுத்துக்கொள்ளலாம். நான்கு வாரமும் தர முடியாத நிலை என்றால், முதல் வாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்; ஆகஸ்ட் 10-க்குப் பிறகு மட்டும் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொத்தனாருக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டியிருப்பதால், இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் வீட்டுக்கே வந்து முறைப்படி அழைக்கிறேன்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
லெ. வள்ளியம்மை