ஜூன் மாத கிளவுட் பில் ஏன் இவ்வளவு ஏறியது

பெருங்குடி, சென்னை
14 ஜூலை 2025

நம் முதலீட்டாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, "என்னப்பா, போன மாசம் ஏழு லட்சம், இந்த மாசம் ஒன்பது லட்சம்னு பேங்க்ல போகுது, அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போனில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. "கடைகள் நிறைய சேர்ந்துவிட்டன" என்று சொன்னேன். அது பாதி உண்மைதான். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பேங்க் கணக்கில் தெரிவதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஏப்ரல் 1 அன்று, புதுக் கணக்கு தொடங்கும் நாளில், கடைக்காரர் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினால் கணக்கில் ஏற்றித் தரும் நம் ஆப்பை வெளியிட்டோம். மே மாதத்துக்கு முன்பும் கிளவுட் செலவு இருந்தது. மார்ச்சில் மட்டும் 1.62 லட்சம், ஏப்ரலில் 4.1 லட்சம். ஸ்டார்ட்டப்களுக்குக் கிடைக்கும் இலவசக் கிரெடிட்டில் அவை கழிந்துவிட்டதால் நம் பணம் போகவில்லை. அந்தக் கிரெடிட் ஏப்ரல் 30-உடன் முடிந்தது. பிப்ரவரியில் உங்களுக்குக் காட்டிய திட்டத்தில் இந்தத் தேதியை நான் போடவில்லை. போட்டிருந்தால் ஜூன் தொடக்கத்தில் யாருக்கும் திடுக்கென்று இருந்திருக்காது. அது என் தவறு.

அப்புறம் ஜி.எஸ்.டி. மே மாதப் பயன்பாடு 6.15 லட்சம், ஜூன் 7.85 லட்சம். இவற்றின் மேல் 18 சதவீதம் சேர்த்துத்தான் 7.26 லட்சமும் 9.26 லட்சமும் பேங்கிலிருந்து போயிருக்கின்றன. ஜூன் பில்லுக்குக் கட்டிய 1.41 லட்சம் வரி செலவல்ல. நாம் கடைகளிடம் வசூலித்த வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். 2,240 கடைகள் ஆளுக்கு 399 ரூபாய் கட்டியதில் நாம் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரி 1.61 லட்சம் வருகிறது. அதற்குள் இது அடங்கிவிடும். ஆகவே இனி நான் பேசும் தொகையெல்லாம் வரி இல்லாமல்.

திட்டப்படி ஜூனில் 2,000 கடைகள், 3.5 லட்சம் செலவு, அதாவது கடைக்கு 175 ரூபாய். நடந்தது, இலவச மாதத்தில் இருப்பவர்களையும் சேர்த்து 3,100 கடைகள், 7.85 லட்சம், கடைக்கு 253 ரூபாய். கடைகள் கூடியதால் மட்டும் செலவு ஏறியிருந்தால் 3,100 கடைக்கு 5.42 லட்சத்தில் நின்றிருக்க வேண்டும். திட்டத்தைத் தாண்டிப்போன 4.35 லட்சத்தில் 1.92 லட்சம் வாடிக்கையாளர்களால் வந்தது. மீதி 2.43 லட்சம் எங்களால் வந்தது.

அந்த 2.43 லட்சம் எங்கே போனது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். அது மும்பை ரீஜனில் நம் ஸ்டோரேஜில் போய் உட்காருகிறது. நம் சர்வர்கள் அதை எடுத்துப் படித்து, கணக்கில் ஏற்றுகின்றன. சர்வர்களைப் பாதுகாப்புக்காக வெளியுலகம் நேரடியாகத் தொட முடியாத தனி நெட்வொர்க்கில் வைத்திருக்கிறோம். அங்கிருந்து எதை எடுக்கப் போனாலும் நேட் கேட்வே என்ற வாசல் வழியாகத்தான் போய்வர வேண்டும் என்று அமைத்திருந்தோம். அந்த வாசல் சுங்கச்சாவடி மாதிரி. தன் வழியாகப் போகும் ஒவ்வொரு ஜி.பி.க்கும் ஏறக்குறைய 4.80 ரூபாய் பிடிக்கும். இத்தனைக்கும் நம் போட்டோக்கள் அதே ரீஜனில், பக்கத்து அறையில் இருப்பது போலத்தான் இருக்கின்றன. பக்கத்து அறைக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்து டோல் கட்டி உள்ளே நுழைந்துகொண்டிருந்தோம்.

இதில் இன்னொரு கூத்து. போட்டோ தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு புரோகிராம், எழுத்தைப் படிக்க ஒன்று, ஜி.எஸ்.டி. எண்ணைச் சரிபார்க்க ஒன்று, சின்னப் படம் தயாரிக்க ஒன்று. நான்கும் தனித்தனியாக முழுப் போட்டோவையும் இழுத்துக்கொண்டிருந்தன. ஜூனில் 11.2 லட்சம் போட்டோ, ஒவ்வொன்றும் சுமார் 4 எம்.பி., நான்கு தடவை. கிட்டத்தட்ட 18 டி.பி. அந்த வாசல் வழியே போயிருக்கிறது. அதற்கு 86,000 ரூபாய். சோதனைக் காலத்தில் 40 கடைகள் இருந்தபோது இதே அமைப்புதான். அப்போது பில்லில் இது கண்ணுக்கே தெரியவில்லை.

ஸ்டோரேஜுக்கு நேர்வழி போட தனிக் கட்டணம் எதுவும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். இப்போது மாற்றிவிட்டோம். அரை நாள் வேலை.

அடுத்தது லாக், அதாவது சர்வர்கள் தாங்கள் செய்வதை எழுதிவைக்கும் குறிப்பேடு. வெளியீட்டு நாளில் ஏதாவது பிசகினால் உடனே பிடிக்க வேண்டும் என்று, ஒவ்வொரு பில்லிலும் படித்த மொத்த எழுத்தையும், எந்த எழுத்து எந்த இடத்தில் இருந்தது என்ற விவரத்தோடு லாகில் எழுதச் சொல்லியிருந்தோம். அதை நிறுத்த மறந்துவிட்டோம். ஜூனில் 1,100 ஜி.பி. லாக் எழுதியிருக்கிறோம், 63,000 ரூபாய்க்கு. யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாமாகக் காலவரம்பு வைக்காவிட்டால் அது என்றைக்கும் அழியாமல் அங்கேயே கிடக்கும். பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு: கடைக்காரர் யாரிடம் என்ன விலைக்கு வாங்கினார் என்ற விவரம், இருக்கக் கூடாத ஓர் இடத்தில் கிடந்தது. எங்கள் குழுவுக்கு வெளியே யாரும் அதைத் தொடவில்லை என்று சரிபார்த்துவிட்டு, முழுவதையும் அழித்தாயிற்று. இனி பிழைகள் மட்டும்தான் லாகில் வரும், அதுவும் 14 நாளில் அழிந்துவிடும்.

மூன்றாவது, எழுத்தைப் படிக்கும் ஜி.பி.யூ. மெஷின்கள். ஒரு மெஷின் மாதம் முழுக்க ஓடினால் சுமார் 36,000 ரூபாய். குறைந்தது 2 மெஷின் எப்போதும் ஓடும், கூட்டம் வந்தால் தானாகக் கூடும், போனால் குறையும் என்பதுதான் ஏற்பாடு. வெளியீட்டு வாரத்தில் பயந்துபோய் அந்தக் குறைந்தபட்சத்தை ஏற்றினோம். ஜூன் கடைசியில் போய்ப் பார்த்தால் ஃபைலில் இப்படி இருக்கிறது:

```
min_size = 5  # launch week only
```

அந்த "ஒரு வாரம்" பன்னிரண்டு வாரம் ஆகியிருந்தது. ஜி.எஸ்.டி. தாக்கல் நெருங்கும் நாட்களில், அதாவது 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் முந்தைய இரண்டு மூன்று நாட்களில், அந்த மெஷின்கள் உண்மையாகவே தேவைப்பட்டன. அந்த நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 94,000 ரூபாய் சும்மா எரிந்திருக்கிறது.

இதையெல்லாம் எச்சரிக்க ஓர் ஏற்பாடு இல்லாமல் இல்லை. பட்ஜெட் தாண்டினால் மெயில் வரும்படி வைத்திருந்தோம். அது ஜனவரியில் வேலையை முடித்துவிட்டுப் போன ஒரு கான்ட்ராக்டரின் மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது தினமும் காலை 9 மணிக்கு முந்தைய நாள் செலவு என் போனுக்கும் டீமின் வாட்ஸாப் குழுவுக்கும் வருகிறது.

கடைகளால் வந்த செலவிலும் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. பாரிமுனை, சௌகார்பேட்டை மொத்த வியாபாரிகளை மனதில் வைத்துத்தான் இந்த ஆப்பைச் செய்தோம். அவர்கள் இரவு கடை சாத்தும்போது பத்துப் பன்னிரண்டு பில்லை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். கோயம்பேட்டிலிருந்து ஆட்கள் சேருவார்கள் என்று யோசிக்கவில்லை. காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது, அவர்களுக்கு நாம் எதற்கு என்று நினைத்தோம். ஆனால் மண்டிக்காரர்களுக்கு வேண்டியது வரிக் கணக்கு அல்ல, பாக்கிக் கணக்கு. யார் எத்தனை மூட்டை எடுத்தார், எவ்வளவு நிற்கிறது என்ற ஒவ்வொரு துண்டுச் சீட்டையும் போட்டோ எடுக்கிறார்கள். 140 கடைகள்தான், ஆனால் நாளுக்கு 60 சீட்டு வீதம் மொத்தப் போட்டோக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவர்களுடையது. அதுவும் அதிகாலை இரண்டு மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. இரவில் மெஷின்களை முழுக்க அணைத்து மிச்சம் பிடிக்கலாம் என்ற எங்கள் கணக்கு அங்கேயே அடிபட்டது.

அவர்களை நான் பாரமாகப் பார்க்கவில்லை. இலவச மாதம் முடிந்ததும் பணம் கட்டியவர்களில் அவர்கள்தான் முன்வரிசை. ஆனால் எல்லோருக்கும் 399 என்பது இனி சரிவராது. மாதம் 600 போட்டோ வரை இதே விலை, அதற்கு மேல் 799 என்று ஆகஸ்ட் 1 முதல் மாற்றுகிறோம். மூன்று மண்டிக்காரர்களிடம் நேரில் போய்க் கேட்டேன். இருவர் சரி என்றார்கள். ஒருவர், "கணக்குப்பிள்ளைக்குக் குடுக்குறதுல இது எவ்வளவு தம்பி" என்று சிரித்தார்.

சரி, இனி என்ன ஆகும்? மூன்று ஓட்டைகளையும் ஜூலை 3-க்குள் அடைத்துவிட்டோம். 10, 11 தேதிகளில் தாக்கல் நெருக்கடியை 2 மெஷினில் தொடங்கி, அதிகபட்சம் 7 வரை போய்ச் சமாளித்தோம். உச்ச நேரத்தில் ஒரு பில் கணக்கில் ஏற ஆறு நிமிடம் ஆனது. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் புகார் வரவில்லை. ஜூலையில் 3,400 கடைக்கு 6.2 லட்சம் ஆகும் என்று நினைக்கிறேன்.

போட்டோவை போனிலேயே சுருக்கி அனுப்புவது அடுத்த வேலை. 4 எம்.பி.யை 700 கே.பி.யாக்கிப் பார்த்தோம். கம்ப்யூட்டர் பில் எல்லாம் சரியாக வந்தது. கார்பன் வைத்து எழுதிய மஞ்சள், ரோஸ் காப்பிகளில்தான் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. 1,300 ரூபாய் பில்லை 1,800 என்று ஏற்றினால் அந்தக் கடைக்காரர் மறுநாளே நம்மை விட்டுப் போய்விடுவார். அதனால் 1.5 எம்.பி.யில் நிறுத்தப் போகிறோம். ஆகஸ்டில் 3,700 கடைக்கு 5.8 லட்சம், அதாவது கடைக்கு 157 ரூபாய் வர வேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று செப்டம்பர் முதல் வாரத்தில் எழுதுகிறேன்.

ஒரு வருடத்துக்கு இவ்வளவு பயன்படுத்துவோம் என்று ஒப்புக்கொண்டால் கட்டணம் குறையுமே, ஏன் எடுக்கவில்லை என்றும் உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். எடுப்போம், ஆனால் அக்டோபரில். ஜூனிலேயே எடுத்திருந்தால் சும்மா ஓடிய அந்த மெஷின்களுக்கும் சேர்த்து ஒரு வருடம் கைநாட்டு வைத்திருப்போம். மூன்று மாதம் உண்மையான அளவு தெரியட்டும்.

கையிருப்பைப் பொறுத்தவரை, மே, ஜூன் இரண்டிலும் திட்டத்தைத் தாண்டியது 7.8 லட்சம். மாதம் 20 லட்சம் செலவாகும் கணக்கில் சுமார் 12 நாளை இழந்திருக்கிறோம். இதற்காகப் புதிதாகப் பணம் எதுவும் கேட்கவில்லை. எனக்குச் சம்பள உயர்வு ஜூலையிலிருந்து என்று பேசியிருந்தோம், அதை ஜனவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

நாள்வாரிச் செலவுக் கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை, 19-ஆம் தேதி, காலை 11 மணிக்கு ஆபீஸில் இருப்பேன். வர முடிந்தவர்கள் வாருங்கள், பில்லைத் திரையில் போட்டு வரிவரியாகப் பார்க்கலாம். மறுநாள் 20-ஆம் தேதி, தாக்கல் நாள் என்பதால் அன்று பில்கள் அதிகமாகத்தான் வரும். மெஷின்கள் ஏறி இறங்குவதையும் நேரிலேயே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
செந்தில்
நிறுவனர்