கல்லடிச் சந்திப்புக்கு ஐந்து சீட்டு விரிப்பு

மச்சாள், திருமணத் தளத்தில் மூன்று மாதமாக எழுத்தாலும் குரலாலும் மட்டுமே அறிந்த அக்கரைப்பற்றுக்காரரை ஞாயிறு பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் காணப் புறப்படுமுன், 78 டாரோட் சீட்டுகளையும் நன்றாகக் கலைத்து, ஐந்தைப் பாலம்போல் இடமிருந்து வலமாகக் கவிழ்த்து வையுங்கள்.

முதலாவது உங்கள் எதிர்பார்ப்பு. இரண்டாவது நீங்கள் அவருக்கு இன்னும் சொல்லாதது. நான்காவது தொலைபேசியில் அவர் காட்டிய முகம், ஐந்தாவது நேரில் தெரியவிருப்பது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆறுதலாகப் பாருங்கள், ஏனெனில் இந்த விரிப்பின் உயிரே அங்குதான் இருக்கிறது.

நான்காவதில் சந்திரன் வந்தால், நாயும் ஓநாயும் நிலவைப் பார்த்து நிற்க, நீரிலிருந்து நண்டுபோன்ற ஒன்று ஏறிவரும் அந்தப் படம் தெளிவின்மையைக் குறிக்கும். தொழிலையும் முன்னைய திருமணத்தையும் நேரடியாகக் கேளுங்கள். ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு ஒருவன் நழுவும் வாள் ஏழு ஐந்தாவதில் விழுந்தால், அவர் எதையோ மறைக்கிறார் என்றே நான் வாசிப்பேன். கிண்ணம் இரண்டு வந்தால் மகிழலாம், ஆனாலும் (இது சீட்டு சொல்வதல்ல, நான் சொல்வது) அக்காவைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

நடுச்சீட்டு இருவருக்கும் இடையில் உள்ளது. அதை வீடு திரும்பிய பிறகே திறக்க வேண்டும்.